நாய்க்கும் உண்டு வணக்க முறை

பெங்களூரின் அடுக்குமாடி வீடுகளில் விருந்தினர் வாசற்படி ஏறியதும் வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும் முதல் சொல், "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது" என்பதாகும். அதை நம்பி ஒரு குழந்தை நேரே ஓடுகிறது. நாயின் கண்ணையே பார்த்தபடி தலைக்கு மேல் கையை நீட்டுகிறது. நாய் முகத்தைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது. பெரியவர்கள் பேச்சில் இருக்கிறார்கள். குழந்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. நாய் ஒரு கணம் அசையாமல் விறைத்து நிற்கிறது. பிறகு கடித்துவிடுகிறது.

"திடீரென்று கடித்துவிட்டது" என்பார்கள். திடீரென்று அல்ல. நாய் நான்கு முறை சொல்லிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

நாய்கள் தமக்குள் சந்திப்பதைத் தெருவிலே பார்க்கலாம். பழக்கமில்லாத இரண்டு நாய்கள் நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று, வாயோரத்தையும் பின்புறத்தையும் முகர்கின்றன. எதிரில் நிற்பது ஆணா பெண்ணா, முன்பே அறிந்ததா என்பதெல்லாம் வாடையிலேயே தெரிந்துவிடும். வெறித்துப் பார்ப்பதும், மேலே கவிவதும் அவற்றுக்கு மிரட்டல். பூனையோ வாலைச் செங்குத்தாக உயர்த்தி வந்து மூக்கோடு மூக்கு வைக்கும். யானை தன் தும்பிக்கை நுனியை மற்றொன்றின் வாயில் வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு.

ஆகவே மனிதர் செய்ய வேண்டியது எளிது. நாயிடம் போகாமல், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் போதும். மூக்கருகே நீட்டத் தேவையில்லை. உடல் தளர்ந்து, தானே வந்து முகர்ந்தால், மோவாயின் கீழோ மார்பிலோ மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்த வேண்டும். இன்னும் ஒட்டி வந்தால் தொடரலாம். விலகினால் விட்டுவிட வேண்டும். வாலாட்டுவதை மட்டும் நம்பக்கூடாது. வாலை உயர்த்தி, விறைப்பாகச் சிறிதாக ஆட்டினால் அது நட்பு அல்ல. உண்ணும்போதும், உறங்கும்போதும், கட்டிப் போட்டிருக்கும்போதும் அருகே போகவே கூடாது. விலகிச் செல்ல வழியில்லாத நாய்க்குப் பல்லைத் தவிர வேறு மொழி இல்லை.

தவறிக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சும்மா இருந்துவிடலாகாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்படி ஒரு கடிக்குப் பின் தண்டனை அனுபவிப்பது பெரும்பாலும் நாய்தான். வளர்த்தவரே அதைத் தெருவில் விட்டுவிடுவதும் உண்டு. பொறுப்போ வீட்டுக்காரருடையது. "ஒண்ணும் செய்யாது" என்ற உறுதிமொழியை அவர் கைவிட வேண்டும். "கொஞ்சம் நில்லுங்க, அதுவே வந்து பார்க்கட்டும்" என்று சொல்லப் பழகினால், குழந்தையும் தப்பும், நாயும் தப்பும்.