சிவப்பா, பச்சையா?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் கண் பார்த்து, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் இரண்டு பவரில் கண்ணாடி வாங்கினார்கள். கரும்பலகை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தால் நெற்றிப்பொட்டு வலித்தது. போன சனிக்கிழமை கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அங்கே பவர் பார்த்த அம்மா அறை விளக்கை மங்கலாக்கினார். எதிரே திரையில் பாதி சிவப்பு, பாதி பச்சை. இரண்டிலும் கறுப்பு எழுத்துகள். ஒரு கண்ணை மறைத்துவிட்டு, “எந்தப் பக்கத்து எழுத்து நல்லா கறுப்பா, தெளிவா இருக்கும்மா?” என்று கேட்டார். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள் யோசிக்காமல், “பச்சை” என்றாள். மறு கண்ணுக்கும் அதே பதில்.

வெளியே வந்ததும், “மாமா, அது கலர் தெரியுதான்னு பார்க்கிற டெஸ்டா?” என்றாள். இல்லை. அவள் பாடத்தில் இருக்கும் முப்பட்டகம்தான் அது.

முப்பட்டகத்துக்குள் நுழையும் வெள்ளொளியில் ஊதா அதிகம் வளைகிறது, சிவப்பு குறைவாக வளைகிறது. கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு வேகத்தில் போவதால்தான் இந்த நிறப்பிரிகை. 1666-இல் நியூட்டன் இருட்டறையில் கண்டது இதைத்தான். இது கண்ணாடிக்கு மட்டும் உரிய குணமல்ல. நம் கருவிழியும் கண்ணுக்குள் இருக்கும் லென்சும் அப்படியே செய்கின்றன. பச்சையை அதிகம் வளைப்பதால் அது சற்று முன்னால் குவிகிறது. சிவப்பு சற்றுப் பின்னால். சரியான பவர் போட்ட கண்ணில் மஞ்சள் விழித்திரை மேலேயே விழும். பச்சை ஏறத்தாழ கால் டயாப்டர் முன்னால், சிவப்பு கிட்டத்தட்ட அதே அளவு பின்னால். இரண்டும் சம தூரத்தில் இருப்பதால் இரு பக்கத்து எழுத்தும் ஒரே மாதிரி தெரியும்.

கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பிம்பம் முழுவதும் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. அப்போது விழித்திரைக்கு அருகில் நிற்பது சிவப்பு. அதனால் சிவப்புப் பக்கம் தெளிவு. குழிலென்சின் பவரைக் கூட்டக் கூட்டப் பிம்பம் பின்னால் நகரும். தேவைக்கு மேல் கூட்டிவிட்டால் விழித்திரையையும் தாண்டிப் போய்விடும். அங்கே பச்சைதான் அருகில். குவிலென்சு தேவைப்படும் தூரப்பார்வைக்காரரும் பச்சை என்றுதான் சொல்வார். மிகையான மைனஸ் கண்ணாடி, நல்ல கண்ணையும் தூரப்பார்வைக் கண்ணாக்கிவிடுகிறது.

அப்படியானால் அவளுக்குக் கரும்பலகை எப்படிப் பளிச்சென்று தெரிந்தது? பதினைந்து வயதுக் கண் தன் லென்சைத் தானே தடிமனாக்கி, மிகையான மைனஸை ஈடுகட்டிவிடும். எழுத்து சிறியதாக, கறுப்பாகத் தெரிவதால் பிள்ளைகள் “இதுதான் நல்லாயிருக்கு” என்பார்கள். கண்ணின் தசை நாள் முழுக்க இறுகியே இருக்கும். கிட்டத்தில் படிக்கும்போது இன்னும் இறுக வேண்டும். வலி அங்கிருந்து வந்தது.

அதனால் அந்த அம்மா முதலில் பார்வையை வேண்டுமென்றே மங்கலாக்கும் லென்சைப் போட்டுத் தசையைத் தளரவிட்டார். பிறகு கால் கால் பவராக ஏற்றினார். மைனஸ் ஒன்றில், “சிவப்பு.” ஒன்றேகாலில், “சிவப்புதான்.” ஒன்றரையில், “ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு.” ஒன்றேமுக்காலில், “பச்சை.” ஒன்றரையில் நிறுத்தினார். கண்ணாடி இல்லாமல் 67 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும் என்பது இதன் பொருள். ஒரு மீட்டரை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள். அரை டயாப்டர் அதிகமாகச் சுமந்திருக்கிறாள் பிள்ளை.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. பார்வை மிகவும் மங்கலாக இருந்தால் இரண்டு பக்கமும் கலங்கலாகத்தான் தெரியும். அதனால் பவரை நெருங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். வயதானவர்களின் லென்சு மஞ்சளித்திருந்தால் எப்போதும் சிவப்பே தெளிவு என்பார்கள். சின்னப் பிள்ளைகளின் தசை தளராமல் இருந்தால் மருந்துச் சொட்டு விட்டுத்தான் பார்க்க வேண்டும். நிறக்குருடு இதற்குத் தடையில்லை. நிறத்தைச் சொல்ல வேண்டாம், இடமா வலமா என்று சொன்னால் போதும்.

உங்கள் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதும்போது சிவப்பு, பச்சைத் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டால், இரண்டும் ஒன்றுபோல் தெரிகையில் ஒன்றுபோல்தான் இருக்கிறது என்றே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தேடுவது அந்தப் பதிலைத்தான்.