பாணி மருந்துக்குக் கரண்டிக் கணக்கு வேண்டாம்

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வெறும் போத்தல் கொண்டுபோய்ப் பாணி மருந்து வாங்கி வருகிறோம். மருந்து கிடைக்கிறது, அளக்கிற மூடி கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய இருமல் பாணியின் மூடியைத் தேடுகிறோம். அதுவும் இல்லையென்றால் தேத்தண்ணி கலக்குகிற கரண்டிதான்.

மருந்துக் கணக்கில் ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி என்றால் 15. ஆனால் எங்கள் குசினிக் கரண்டிகளை யாரும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. ஒன்றில் 3 பிடிக்கும், இன்னொன்றில் 7 பிடிக்கும். "ஒரு கரண்டி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தக் கரண்டி என்று தாய்க்கு எப்படித் தெரியும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். 12 கிலோ பிள்ளைக்குக் காய்ச்சல். டொக்டர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் படி 180 மில்லிகிராம் பரசிட்டமோல் கொடுக்கச் சொல்கிறார். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியென்றால் 7.5 மில்லிலீற்றர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. அதன் சொந்த மூடி நிறைய ஊற்றினால் 7.5 என்று வையுங்கள். அந்தப் பழக்கத்தில் 15 பிடிக்கிற இன்னொரு மூடியை நிறைய ஊற்றினால் 360 மில்லிகிராம் போகும். ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு. பரசிட்டமோல் இப்படி நாள் கணக்கில் கூடினால் ஈரலைப் பாதிக்கும். குறைந்தாலோ காய்ச்சல் இறங்காது.

"எந்த மூடியிலும் 5 கோடு 5 தானே, சேர்?" என்று கேட்கலாம். கோடு இருந்தால் சரி. ஆனால் எல்லா மூடியிலும் உங்களுக்கு வேண்டிய கோடு இருக்காது. 2.5 கொடுக்க வேண்டும், மூடியிலோ 5இல்தான் முதல் கோடு என்றால் கண் மட்டத்தில் ஊற்றுவோம். 3 சென்ரிமீற்றர் அகல மூடியில் ஒரு மில்லிமீற்றர் ஏறினாலே 0.7 மில்லிலீற்றர் கூடிவிடும். கைக்குழந்தைகளின் சொட்டு மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். அது பாணியைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கலாம். அதன் சொட்டானை வேறு போத்தலுக்குப் போடவே கூடாது.

அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இலேயே கரண்டியை விட்டுவிட்டு மில்லிலீற்றரில் மட்டும் எழுதச் சொல்லிவிட்டது. எங்கள் பாமசிகளும் அப்படி எழுதினால் என்ன?

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது இதுதான். மருந்து வாங்கும்போது "எத்தனை மில்லிலீற்றர்?" என்று கேட்டு, போத்தலிலேயே எழுதி வாங்குங்கள். பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதால் அளந்து கொடுங்கள். போத்தல் முடிந்தால் அதன் மூடியையும் சேர்த்தே வீசிவிடுங்கள்.