அக்காவின் கைப்பேசி பேசியது

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம், ஓமப்பொடி. கடை கிடையாது. ஆர்டர் எல்லாம் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில்தான் வரும். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் அவர் கைப்பேசி அடுப்பைவிடச் சூடாக இருக்கும்.

போன வருடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்து, "நான் எல்லாத்தையும் தானாப் பதில் சொல்ற மாதிரி செட் பண்ணித் தர்றேங்க்கா" என்று நான்தான் முன்வந்தேன். மீடியா படித்தவன், வானொலியில் பேசுகிறவன். எனக்குத் தெரியாதா? வரவேற்புச் செய்தியை எழுதும்போது குரலே காதில் கேட்கிற மாதிரி எழுதினேன்: "வணக்கம்! இனிய தீபாவளி வாழ்த்துகள்! உங்கள் செய்தி கண்டு மிக்க மகிழ்ச்சி!" கூடவே நாலு மத்தாப்புப் படங்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஆறு மணிக்கு ரவாங்கிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் எழுதினார். "தங்கச்சி, அம்மா நேத்து ராத்திரி தவறிட்டாங்க. இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல. ஆர்டரைக் கேன்சல் பண்ணிடும்மா."

அடுத்த நொடியே பதில் போய்விட்டது. உங்கள் செய்தி கண்டு மிக்க மகிழ்ச்சி. நாலு மத்தாப்பு.

அக்கா அதைப் பார்த்தது பதினொரு மணிக்கு. எனக்கு அழைத்து ஒன்றும் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. அன்று மாலை நாங்கள் இருவரும் ரவாங்குக்குப் போனோம். அந்த அம்மா, "மெஷினுன்னு தெரியும்மா. ஆனாலும் ஒரு நிமிஷம் ஃபோனைக் கீழ வெச்சிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். நான் நினைத்தது, வரவேற்புச் செய்தி புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் போகும் என்று. அப்படி இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் Greeting message என்று இருக்கிறதே, அது முதல்முறை எழுதுகிறவருக்கும் போகும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் போகும். ரவாங் அம்மா ஆர்டர் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இடையில் பேச்சு இல்லை. ஏழு வருட வாடிக்கையாளர், ஆனால் செயலிக்கு அவர் புது ஆள் மாதிரிதான்.

அதே திரையில் Recipients என்று ஒரு வரி இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. எல்லாருக்கும் என்றே விட்டிருந்தேன். அதற்குள் போனால் Everyone not in address book என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், கைப்பேசியில் பெயர் போட்டுச் சேமித்தவர்களுக்குத் தானியங்கிப் பதில் போகாது. தெரிந்தவர்கள் காத்திருந்தாலும் அக்காவே பதில் சொல்வார். தெரியாத எண்ணுக்கு மட்டும் கைப்பேசி பேசும். இப்போது யார் முதல் ஆர்டர் கொடுத்தாலும் அக்கா அன்று இரவே பெயரையும் ஊரையும் போட்டுச் சேமித்துவிடுகிறார். பெயர் சேமிக்காவிட்டால் இந்த ஏற்பாடே வேலை செய்யாது.

ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. நான் எழுதிய வாசகமே தப்பு. இதில் எனக்கு வெட்கம் அதிகம், ஏனென்றால் வானொலியில் இதை எனக்கு முதல் மாதமே சொல்லிக் கொடுத்தார்கள். நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே பேசிப் பதிவு செய்து வைக்கும்போது, "வெளியே நல்ல மழை" என்று சொல்லக் கூடாது. "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க" என்றும் சொல்லக் கூடாது. அது ஒலிபரப்பாகும் நேரத்தில் வெளியே என்ன நடக்கும் என்று பேசுகிறவனுக்குத் தெரியாது. நள்ளிரவில் ஒரு துக்கச் செய்தி வந்தால், பதிவு செய்த கலகலப்பை எல்லாம் ஓடிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். தானியங்கிப் பதிலும் அதே சாதிதான். வந்த செய்தியைப் படிக்காமலே அது பேசுகிறது. அப்படியென்றால் என்ன செய்தி வந்தாலும் உண்மையாக இருக்கக் கூடியதை மட்டும்தான் அது சொல்லலாம்.

அன்றிலிருந்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதிய பதிலை மூன்று செய்திகளுக்குக் கீழே வைத்துப் படித்துப் பார்ப்பேன். ஒன்று, "முறுக்கு எவ்வளவு?" இரண்டு, "உங்க பலகாரம் சரியில்லை." மூன்று, அந்த ரவாங் செய்தி. மூன்றுக்கும் கூசாமல் நின்றால் வைத்துக்கொள்ளலாம். "மகிழ்ச்சி" நிற்கவில்லை. "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" நிற்கவில்லை. மத்தாப்பு நிற்கவே இல்லை. "விரைவில் பதில் அளிப்போம்" நிற்கிறது, ஆனால் யாருக்கும் உதவவில்லை. எப்போது என்று சொல்லாத விரைவு என்ன விரைவு?

வரவேற்புச் செய்தியை அப்படியே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் Away message மட்டும், அதிலும் Custom schedule வைத்து, காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை. இதுதான் வாசகம்:

"வணக்கம். இது தானாகப் போகிற பதில். காலை 11 மணி வரை அடுப்படியில் இருப்பேன், கையெல்லாம் எண்ணெய். அதன் பிறகு உங்கள் செய்தியை நானே படித்து, மதியம் 1 மணிக்குள் பதில் எழுதுகிறேன். அவசரம் என்றால் அழையுங்கள், என் மகள் எடுப்பாள்."

முதல் வரியிலேயே மெஷின் என்று ஒப்புக்கொள்வது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "கடைன்னா கெத்தா இருக்க வேணாமா?" என்றார். ஆனால் மனிதர் மாதிரி நடித்து மாட்டிக்கொள்வதுதான் நமக்கு ஏற்கெனவே ஆகிவிட்டதே. ஒரு மணி என்ற நேரத்தை நான் எழுதவில்லை, அக்கா சொன்னது. நான் பன்னிரண்டு என்றேன். "பெரிய ஆர்டர் நாள்ல முடியாது தம்பி" என்றார். காப்பாற்ற முடிகிற நேரம்தான் அங்கே எழுத வேண்டிய நேரம். இன்னொன்று, கைப்பேசியில் இணையம் இல்லாவிட்டால் இந்தப் பதில் போகாது. டேட்டாவை மிச்சப்படுத்தப் படுக்கும்போது இணையத்தை அணைக்கிற பழக்கம் அக்காவுக்கு உண்டு. விடிகாலையில் மறக்காமல் போட்டுவிடச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி, சேமித்த பதில்கள். Quick replies என்று இருக்கும். `/` போட்டு ஒரு குறுஞ்சொல் தட்டினால் முழுப் பதிலும் எழுதும் இடத்தில் வந்து நிற்கும். வந்து நிற்கும், அவ்வளவுதான். அனுப்புவது உங்கள் விரல். நடுவில் ஒரு மனிதக் கண் இருக்கிறது என்பதால் இதை நான் தானியங்கிப் பதிலைவிட நூறு மடங்கு நம்புகிறேன். அக்காவிடம் இருப்பது மூன்றே மூன்று: விலைக்கு `/vilai`, கொண்டு வந்து கொடுக்கிற இடங்களுக்கு `/hantar`, பணம் போட வேண்டிய வங்கி விவரத்துக்கு `/bank`.

இதிலும் ஒரு சறுக்கல். ஒரு பெண் எழுதினார்: "அக்கா, நெய் உருண்டை ஒரு பாலாங் எவ்வளவு? அப்பாவுக்கு இனிப்பு நீர், சீனி கம்மியா செய்வீங்களா?" அக்கா `/vilai` தட்டி அனுப்பினார். "வணக்கம்! எங்கள் விலைப் பட்டியல்" என்று தொடங்கி "மீண்டும் வருக" என்று முடிந்தது. விலைக்குப் பதில் கிடைத்தது. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பெண் மறுபடி எழுதவே இல்லை.

ஆகவே சேமித்த பதிலின் தலையையும் வாலையும் வெட்டினோம். வணக்கம் இல்லை, நன்றி இல்லை, வெறும் விலை வரிகள். தலை இல்லாததால் அப்படியே அனுப்பினால் மொட்டையாகத் தெரியும். மேலே ஏதாவது கையால் எழுதியே ஆக வேண்டும். அந்த முதல் வரியில் அவர் கேட்டதற்கான பதில் இருக்க வேண்டும். "உருண்டையில சீனி குறைச்சா பிடிக்க வராதும்மா. அப்பாவுக்குக் கார முறுக்கு தனியா எடுத்து வைக்கவா? விலை கீழ இருக்கு." பத்து விநாடி வேலை. "அன்புள்ள ______" என்று பெயருக்கு இடம் விட்டு எழுதி வைப்பதையும் முயன்றோம். ஒரு நாள் கோடு மட்டும் போய்ச் சேர்ந்தது. அதோடு நிறுத்திவிட்டோம்.

விலை மாறினால் சேமித்த பதிலை முதலில் மாற்றுங்கள். எண்ணெய் விலை ஏறி அக்கா பாலாங்கை 28 வெள்ளி ஆக்கியபோது, `/vilai` இன்னும் 25 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கேட்ட அத்தனை பேருக்கும் பழைய விலைக்கே கொடுத்தார். எழுதிக் கொடுத்த விலை ஆயிற்றே.

முகநூல் பக்கத்துக்கு ஒரு சின்ன பாட் வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் வந்தால் ஒரு பதில் போகும், அவ்வளவுதான் அதன் அறிவு. நம் மக்கள் விலையை ஒரே சொல்லால் கேட்க மாட்டார்கள் என்று `vilai`, `evlo`, `yevlo`, `berapa`, `harga`, `price` எல்லாம் சேர்த்தேன். பெருமையாக இருந்தது. பிறகு ஒருவர் எழுதினார்: "இவ்ளோ price கொடுத்து வாங்கின முறுக்கு நமத்துப் போயிருக்கு." பாட் பணிவாக விலைப் பட்டியலை அனுப்பியது.

இன்னும் பத்துச் சொல் சேர்த்தாலும் இது தீராது. சொல்லை வைத்து ஊகிப்பதை எடுத்துவிட்டு, உரையாடல் தொடங்கும் இடத்தில் கேள்விகளைப் பொத்தான்களாக வைத்தேன். விலை, கொண்டு வந்து கொடுக்கும் இடம், கடைசியாக "அக்காவிடம் பேச வேண்டும்". வேண்டியதை வாடிக்கையாளரே தொட்டால்தான் பதில் போகும். யாராவது சொந்தமாக எழுதினால், குரல் பதிவு அனுப்பினால், பாட் வாயைத் திறக்காது. அக்கா வரும் வரை அமைதி.

ஞாயிறு இரவில் நானும் அக்காவும் அந்த வாரத்து உரையாடல்களைப் புரட்டுகிறோம். தேடுவது இரண்டுதான். பதில் போன பிறகும் அதே கேள்வியை ஒருவர் மறுபடி கேட்டிருக்கிறாரா, "ஹலோ, ஆள் இருக்கீங்களா?" என்று யாராவது தட்டியிருக்கிறாரா. முதலாவது வந்தால் வாசகம் புரியவில்லை. இரண்டாவது வந்தால் சொன்ன நேரம் தவறியிருக்கிறது. பூச்சோங் வரை கொண்டு வந்து கொடுப்பீர்களா என்று ஒரே வாரத்தில் நாலு பேர் இரண்டாம் முறை கேட்டதால்தான், `/hantar` பதிலில் "கிள்ளான் பள்ளத்தாக்கு" என்று பொதுவாக எழுதியிருந்ததை ஊர் ஊராகப் பெயர் போட்டு மாற்றினோம்.

இந்த வருடம் ரவாங்கிலிருந்து மறுபடி செய்தி வந்தது. காலை ஆறே காலுக்கு. இரண்டு பாலாங் முறுக்கு, முதலாண்டுத் திதிக்குக் கொஞ்சம் அதிரசம். தானியங்கிப் பதில் எதுவும் போகவில்லை. பதினொன்று பத்துக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்: "அம்மாவுக்கு ஏலக்காய் தூக்கலா இருக்கணுமே, அது தனியா சுட்டுக் கட்டி வைக்கிறேன். நானே கொண்டு வரேன்."