மீதிப்பட்ட காசு யாருடைய காசு?

தோட்டத்து உறவுகளே,

டிசம்பர் மாதம் முழுக்க மலையேறி வேலை செய்கிறோம். சம்பளம் கைக்கு வருவது ஜனவரி பத்தாம் தேதி. அந்தக் காசு எந்த மாதத்துச் சம்பளம் என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகூட டிசம்பர் என்று சொல்லும். செக்ரோலில் பேர் விழுந்த அன்றே அது நமக்கு வரவேண்டிய பணம். இந்தக் கணக்கு புரிந்தவருக்குப் பிரதேச சபையின் கணக்கும் புரியும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபைப் பணத்தைத் தோட்டங்களில் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது வரவு செலவுத் திட்டத்தில் தோட்டப் பாதைக்கும் ஒரு வரி எழுதுகிறார்கள். எழுதிய வரி எப்படி மதகாகவும் பாதையாகவும் மாறுகிறது என்று பார்ப்பது இனி நம் வேலை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கேகாலையிலோ இரத்தினபுரியிலோ ஒரு சபை, தோட்டப் பாதைகளுக்கு 30 இலட்சம் ஒதுக்கியது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 31 வரை கொடுத்த காசு 8 இலட்சம். மீதி 22 இலட்சம். கூட்டத்தில் இதைச் 'சேமிப்பு' என்பார்கள். அந்த 22 இலட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதில் 12 இலட்சத்துக்கு வேலை முடிந்துவிட்டது, கொந்தராத்துக்காரரின் பில்லுக்குத்தான் இன்னும் காசு கொடுக்கவில்லை. மற்ற 10 இலட்சத்துக்கு வேலை தொடங்கவே இல்லை.

கொடுத்த காசை மட்டும் எழுதுவது காசு அடிப்படை. அதில் அந்த வருடச் செலவு 8 இலட்சம்தான். வேலை முடிந்ததுமே செலவாக எழுதுவது அட்டுறு அடிப்படை, நம் செக்ரோல் மாதிரி. அதில் செலவு 20 இலட்சம். கொடுக்காத 12 இலட்சம் ஐந்தொகையில் கடன்கொடுத்தோர் என்ற தலைப்பில் நிற்கும்.

அடுத்த வருடமும் அதே 30 இலட்சம் ஒதுக்குகிறார்கள். பழைய பில்லுக்குத் தனியாக ஒதுக்காவிட்டால், அந்த 12 இலட்சம் இதிலிருந்துதான் போகும். புதிய வேலைக்கு மிஞ்சுவது 18 இலட்சம். வருட முடிவில், 'ஒதுக்கியது 30, செலவழித்தது 30, வித்தியாசம் எதுவும் இல்லை' என்று அறிக்கை வரும். காசுக் கணக்கில் அது பொய்யில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் நமக்கு எழுதியது 60 இலட்சம், நடந்த வேலை 38 இலட்சம். தொடங்காத 10 இலட்சமும், பழைய பில்லுக்குப் போன 12 இலட்சமும் சத்தமில்லாமல் கரைந்துவிட்டன.

அந்த 10 இலட்சம் எங்கே போனது என்பது, அது எந்த நிதியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. அமைச்சோ மாகாண சபையோ குறித்த பாதைக்கென்று தந்த பணமானால், அதை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. வேலை நடக்காவிட்டால் திருப்பி அனுப்பவும் நேரலாம். சபையின் சொந்த நிதியமானால் அது பொதுப் பணத்தோடு கலந்து, வேறு வேலைக்கு மாற்றப்படலாம். முதலாவதில் கேட்க வேண்டியது, ஏன் நேரத்துக்கு வேலை தொடங்கவில்லை என்று. இரண்டாவதில் கேட்க வேண்டியது, எந்தத் தீர்மானத்தில் மாற்றினீர்கள் என்று.

அட்டுறு கணக்கை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. ஏக்கர் வரி 10 இலட்சம் வரவேண்டும் என்றால் அந்த முழுத் தொகையும் வருமானமாக எழுதப்படும். கைக்கு வந்தது 4 இலட்சமாக இருக்கலாம். புத்தகத்தில் வருமானம் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. அப்போது முதலில் நிற்பது, இன்னும் தொடங்காத வேலைதான். அதில் தோட்டத்து வேலை எத்தனை என்று பாருங்கள். அதனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2025 மே தேர்தலில் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் சபையில் இருக்கிறார்கள். 'தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?' என்ற பழைய கேள்வியோடு நிறுத்தாமல், இந்த மூன்றையும் கேளுங்கள். டிசம்பர் 31இல் முடிந்தும் பணம் கொடுக்காத தோட்ட வேலைகள் எவை? தொடங்காத வேலைகள் எவை, அவற்றின் பணம் எந்த நிதியில் இருக்கிறது? இந்த வருட ஒதுக்கீட்டில் பழைய பில்லுக்குப் போவது எவ்வளவு?

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தினரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். பதில் வந்ததும் அந்தத் தாளோடு பாதைக்குப் போய், முடிந்தது என்று எழுதிய மதகு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பேர் விழுந்ததா என்று செக்ரோலைப் பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை.