கெட்டில் கெட்டதற்கு மீன் பெட்டி ஏன் அணைந்தது?

பெம்பானில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் விடிந்ததும் அழைத்தார். "தம்பி, பெட்டியில இருந்த மீன், கோழி எல்லாம் உருகிப் போச்சு!" முதல்நாள் கடை சாத்தும் நேரத்தில் பையன் கெட்டிலைப் போட்டிருக்கிறான். கடை முழுதும் இருண்டது. ஊருக்கே கரண்டு இல்லை என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

டிபி பெட்டியைத் திறந்தேன். மெயினில் 100 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. விழுந்து கிடந்தது. கெட்டில் பிளக்குக்கான 30 மில்லி ஆம்பியர் கருவியோ நிமிர்ந்தே நின்றது. விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

"சின்னது கீழே இருக்கே, அதுதானே முதல்ல விழணும்?" என்றார் அண்ணன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தக் கருவி, போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. குறைந்தால், எங்கோ எர்த்துக்குக் கசிகிறது என்று அறுத்துவிடும். கெட்டிலின் கம்பிச்சுருள் வெடித்தால் கசிவு 30 மில்லியோடு நிற்காது. பல ஆம்பியர் ஓடும். அதே கசிவு மேலே மெயின் வழியாகவும்தான் போகிறது. 30-ஐயும் 100-ஐயும் பல மடங்கு தாண்டிவிட்ட கசிவுக்கு இரண்டும் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டியவை. யார் முந்துவது என்பது அதிர்ஷ்டம். அன்று மெயின் முந்தியது. மின்சாரம் நின்றதும் கீழே உள்ளதற்கு வேலையே இல்லாமல் போனது.

ஆகவே, அளவில் மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் மட்டும் போதாது. நேரத்திலும் வித்தியாசம் வேண்டும். மெயினுக்கு எஸ் ரகக் கருவி போட்டேன். முகப்பில் சின்னச் சதுரத்துக்குள் எஸ் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பெரிய கசிவிலும் அது குறைந்தது 50 மில்லி விநாடி காத்திருந்து, 150-க்குள் விழும். அதற்குள் கீழே உள்ளது வேலையை முடித்துவிடும்.

சிலர் 100-க்குப் பதில் 300 மில்லி போடுவார்கள். சாதா ரகமாக இருந்தால் கெட்டில் வெடிக்கும்போது அதுவும் விழத்தான் செய்யும். தவிர, நம் நாட்டின் 1994 மின்சார ஒழுங்குமுறையில் கையில் பிடிக்கும் சாதனங்களுக்கு 30, ஈரத் தரைக்கு 10, மற்றவற்றுக்கு 100 மில்லிதான் உச்சம்.

ஒன்றை அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். காத்திருக்கும் மெயின் ஆளைக் காப்பாற்றப் போட்டதல்ல. ஆகவே ஒவ்வொரு பிளக் வரிசைக்கும் கீழே சாதா ரக 30 மில்லி இருந்தே ஆக வேண்டும். மெயினுக்கும் அதற்கும் நடுவே உள்ள வயரில் கசிந்தால் கடை முழுதும் இருளத்தான் செய்யும், அதற்கு வழியில்லை.

டெஸ்ட் பட்டனை அமுக்கினால் அந்தக் கருவி விழுகிறதா என்றுதான் தெரியும், யார் முந்துகிறார் என்று தெரியாது. கெட்டில் பிளக்கில் சோதனை மீட்டரைச் செருகி 150 மில்லி ஆம்பியர் கசியவிட்டேன். மூன்று முறையும் கீழே உள்ளது மட்டும் விழுந்தது. மீன் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.