‘எந்த நிறுவனத்தில்?’ என்று கேட்பது போதாது

மொழியியல் முதுகலை முடித்தவர்களுக்குத் தொழில்நுட்ப நிறுவனங்களிலிருந்து அழைப்புகள் வருகின்றன. தரவுக் குறியீடு, உரைபெயர்ப்பு, பேச்சுத் தரவுச் சரிபார்ப்பு என்று வேலைகளுக்குப் பல பெயர்கள். காரியவட்டம் வளாகத்தில் படிக்கும் நமக்கு டெக்னோபார்க் கூப்பிடு தூரம்தான். அழைப்பவர் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் நாம் உடனே சம்பளத்தைக் கேட்கிறோம். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வேலை அந்த நிறுவனத்தின் நேரடிப் பேரோலிலா, மூன்றாம் தரப்பு ஒப்பந்ததாரர் வழியாகவா?

இக்கேள்வி எழாமல் போவதற்கு மொழியும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ‘இன்ன நிறுவனத்தில் வேலை’ என்னும்போது ‘இல்’ உருபு இடத்தை மட்டுமே சுட்டுகிறது. ஊதியம் தருபவர் யார் என்பதைச் சுட்டுவதில்லை. ஆள் சேர்ப்பவர்கள் இந்த நெகிழ்ச்சியிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘அவர்கள் அலுவலகத்தில்தான் உட்காருவீர்கள்’, ‘அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியே கிடைக்கும்’ என்பவை யாவும் இடத்தைப் பற்றிய விடைகளே. ‘க்ளையன்ட்’ என்ற சொல் உரையாடலில் வந்துவிட்டால், பெரும்பாலும் வேலை ஆஃப்-ரோல் என்று கொள்ளலாம்.

நம் துறையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கூகுள் அசிஸ்டன்டுக்காக மொழித் தரவுகளைக் கையால் குறியிட்ட ‘பிக்மேலியன்’ குழுவைப் பற்றி 2019 மே மாதத்தில் கார்டியன் நாளிதழ் எழுதியது. அக்குழுவின் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் கூகுளின் ஊழியர்கள் அல்லர். முகமைகள் வழியாக அமர்த்தப்பட்ட தற்காலிகப் பணியாளர்கள். நிரந்தரப் பணி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் கூடுதல் நேரத்தைக் கணக்கில் காட்டாமலே உழைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்தவர்களைப் பிரித்தது சம்பளச் சீட்டின் தலைப்பிலிருந்த பெயர்தான்.

அந்தப் பெயரால் இங்கே என்ன மாறுகிறது என்பதைப் பணிக்கொடையை வைத்துப் பார்க்கலாம். கணக்கிற்குரிய மாத ஊதியம் 26,000 ரூபாய் என்று கொள்வோம். மாதத்துக்கு 26 நாள் எனக் கணக்கிட்டு, ஓராண்டுப் பணிக்குப் 15 நாள் ஊதியம் பணிக்கொடை. அதாவது ஆண்டுக்கு 15,000 ரூபாய். நேரடிப் பேரோலில் ஐந்தாண்டு இருந்தவருக்கு 75,000 கிடைக்கும். அதே இருக்கையில் ஐந்தாண்டு அமர்ந்தும், மூன்றாண்டுக்குப் பின் ஒப்பந்ததாரர் மாறியதால் புதிய நியமனக் கடிதம் பெற்றவரின் நிலை வேறு. மூன்றும் இரண்டும் இரு வேறு முதலாளிகளிடம் ஆற்றிய பணிகள். இரண்டும் ஐந்தை எட்டுவதில்லை. ஆகவே பழைய விதிப்படி அவருக்கு ஒன்றுமில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதைச் சற்றே மாற்றியிருக்கிறது. நிர்ணயகால நியமனம் பெற்றவர், அக்காலம் முடிந்து விலகும்போது, ஓராண்டுப் பணி இருந்தாலே விகிதப்படி பணிக்கொடை பெறலாம். கடிதத்தில் ‘நிர்ணயகாலம்’ என்று இருக்கிறதா என்பதும் நம் கேள்வியில் சேர வேண்டும்.

ஆக, கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்கலாம். நியமனக் கடிதம் யார் பெயரில் வரும்? வருங்கால வைப்புநிதியை யார் செலுத்துவார்? ஒப்பந்ததாரர் மாறினால் என் பணிக்காலம் என்னவாகும்? விடைகளை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள். சேர்ந்த பிறகு வைப்புநிதிப் பாஸ்புக்கில் உள்ள நிறுவனப் பெயரும், வரிப் பிடித்தச் சான்றிதழில் வரி பிடித்தவராகக் காட்டப்படும் பெயரும் உண்மையைச் சொல்லிவிடும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை சான்றாகாது.

‘பிறகு நிரந்தரமாக்கிவிடுவார்கள்’ என்ற வாய்மொழியைச் சட்டம் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். ஒப்பந்தத் தொழில்முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

ஒப்பந்ததாரர் வழி வரும் வேலை எல்லாமே தவிர்க்கத்தக்கது என்று நான் வாதிடவில்லை. ஆய்வேட்டை முடிக்கும் வரை ஓராண்டு வருமானம் தேவைப்படுபவருக்கு அது பொருந்தலாம். ஆனால் தெரிந்து ஏற்பது வேறு, தெரியாமல் ஏற்பது வேறு. துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் வேலை அறிவிப்பைப் பகிரும் முன், ஊதியம் தரும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டு வாங்கி, ‘பணியிடம்’, ‘பணியளிப்பவர்’ என இரு வரிகளாக இடுங்கள். இரண்டாவது வரிக்கு விடை தராத அறிவிப்பைப் பகிராமல் விடலாம்.