காப்பி பண்ணினது ஞாபகம் இருக்கு, எங்கேயிருந்து?

இந்த செமஸ்டர் இறுதி ஆண்டு மாணவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். இருபது டேப் திறந்து வைத்து, அங்கே ஒரு வரி, இங்கே ஒரு பாரா, ஒரு பிடிஎஃப்பில் இருந்து ஒரு டேபிள் என்று Ctrl+C அடித்து ரிப்போர்ட் சேர்க்கிறோம். `Win+V` அடித்தால் கிளிப்போர்டு ஹிஸ்டரி வரும் என்று போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அதை ரொம்ப நம்பினேன். அதனால்தான் மாட்டினேன். எங்கே மாட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர், சிவில். மாத்தூர் தொட்டிப் பாலத்தின் இன்றைய நிலை பற்றிய கள ஆய்வுதான் எங்கள் புராஜெக்ட். முன்னுரை அத்தியாயத்துக்கான தகவல்களை ஒரே நாளில் லேபில் உட்கார்ந்து சேர்த்தேன். பாலத்தின் நீளம், உயரம், தூண்கள், கட்டின வருஷம், பறளியாறு, பட்டணங்கால் கால்வாய் என்று நாற்பது துண்டுகளுக்கு மேல் இருக்கும். ரிவ்யூவில் கைடு கேட்டார்: "ஏம்ப்பா, நாலாவது பக்கத்துல பாலம் ஒரு கிலோமீட்டர்னு போட்டிருக்க. ஏழாவது பக்கத்துல டேபிள்ல அதுல பாதிகூட இல்ல. எது சரி? யாரு சொன்ன கணக்கு?"

பதில் இல்லை. இரண்டும் நான் காப்பி பண்ணினதுதான். நெட்டில் தேடிப் பாருங்கள், இந்தப் பாலத்துக்கு இப்படி இரண்டு வகைக் கணக்கு இருக்கிறது. சில பக்கங்கள் சுமார் ஒரு கிலோமீட்டர் என்கின்றன. வேறு சில பக்கங்கள் சொல்லும் அடிக்கணக்கு அரை கிலோமீட்டரைக்கூட எட்டாது. எந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் எதை நம்பலாம் என்று யோசிக்கவாவது முடிந்திருக்கும். அது தெரியாததால் இரண்டு நம்பருமே வீண்.

"ஹிஸ்டரிய பாரு மக்கா" என்றான் நண்பன். பார்த்தேன். விண்டோஸ் ஹிஸ்டரி கடைசி 25 துண்டுகளைத்தான் வைத்திருக்கும். 26-வது வந்ததும் முதலாவது சத்தமில்லாமல் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினால் பின் பண்ணி வைத்தவை மட்டும்தான் மிஞ்சும். இடையில் ஒரு தடவை கரண்ட் போயிருந்தது. சரி, மிச்சம் இருந்திருந்தாலும் என்ன பிரயோஜனம்? அதில் தெரிவது வாக்கியம் மட்டும்தான், அது எந்தப் பக்கத்து வாக்கியம் என்று தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினோம். ஒரே வாக்கியம் பல தளங்களில் அச்சு அசலாக இருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கோட்டாறு கடைத்தெருவில் பழைய கடைகளில் பார்த்திருப்பீர்கள், மேஜை மேலே ஒரு கம்பி நிற்கும். வருகிற பில்லை எல்லாம் அதில் குத்திக்கொண்டே போவார்கள். ராத்திரி மொத்தமாக உருவி எடுத்து கணக்கு எழுதுவார்கள். நம் கிளிப்போர்டு ஹிஸ்டரியும் அப்படி ஒரு கம்பிதான். ஆனால் கடைக்காரர் குத்துகிற ஒவ்வொரு துண்டிலும் கடைப் பெயரும் தேதியும் இருக்கும். நாம் குத்துவது மேலேயும் கீழேயும் கிழித்துப் போட்ட பில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரவுசரில் நீங்கள் ஒரு பாராவை காப்பி பண்ணும்போது கிளிப்போர்டுக்குள் ஒரே ஒரு பொருள் போவதில்லை. அதே பாரா வெறும் எழுத்தாக ஒரு தடவையும், எழுத்துரு, நிறம், லிங்க் எல்லாவற்றோடும் HTML வடிவில் இன்னொரு தடவையும் போகிறது. அந்த HTML வடிவின் தலைப்பகுதியில் `SourceURL` என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தீர்களோ, அதன் முகவரி அது. ஏதாவது ஒரு வலைப்பக்கத்தில் ஒரு வரியை காப்பி பண்ணிவிட்டு, விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-ல் இதை அடித்துப் பாருங்கள்:

```
Get-Clipboard -TextFormatType Html | Select-String SourceURL
```

முகவரி வரும். அதாவது மூலம் என்ன என்பது நம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒன்நோட்டில் ஒட்டினால் கீழேயே "From" என்று போட்டு அந்த முகவரியையும் எழுதிவிடும். வேர்டில் ஒட்டினால் அது வராது. `Win+V` பட்டியலும் அதைக் காட்டுவதில்லை. 25 துண்டுகளைக் காட்டுகிற அந்தப் பெட்டியில் ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு முகவரி போட இடமா இல்லை? இந்த வசதி விண்டோஸ் 10-ல் 2018-லேயே வந்துவிட்டது. ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கு இதுதான் முதலில் வேண்டியது என்பது என் கருத்து.

அவர்கள் செய்யும்வரை நாம் என்ன செய்வது? எங்கள் குழு அந்த ரிவ்யூவுக்குப் பிறகு முன்னுரையை முதலில் இருந்து மறுபடி எழுதியது. அப்போது நாங்கள் பிடித்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் `Win+V`-ஐ விட்டுவிட்டு வேர்டில் இருக்கிற ஆஃபீஸ் கிளிப்போர்டுக்கு மாறினோம். Home டேபில் Paste பட்டனுக்குக் கீழே, அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் இடது பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். அதைத் திறந்து வைத்துவிட்டு பிரவுசரில் காப்பி பண்ணினாலும் அங்கே வந்து சேரும். `Win+V`-ல் துண்டுகளை ஒவ்வொன்றாகத்தான் ஒட்ட முடியும். இங்கே `Paste All` என்று ஒரு பட்டன் உண்டு. நீங்கள் எடுத்த வரிசையிலேயே மொத்தத்தையும் ஒரே அழுத்தில் இறக்கிவிடும். ஆனால் இதற்கும் அளவு உண்டு, 24 துண்டுகள். 25-வது வந்தால் முதலாவது போய்விடும்.

அந்த 24-ஐ நாங்கள் பன்னிரண்டு ஜோடி என்று வைத்துக்கொண்டோம். ஒரு பக்கத்தில் இருந்து எதை எடுப்பதானாலும் முதலில் மேலே முகவரியை காப்பி பண்ண வேண்டும், அதன் பிறகுதான் வாக்கியத்தை. பிடிஎஃப் என்றால் முகவரி ஒட்டிக்கொண்டு வராது, `SourceURL`-ம் கிடைக்காது. அதனால் கட்டுரையின் தலைப்பை முதலில் காப்பி பண்ணி, பக்க எண்ணை மட்டும் ஒட்டின பிறகு கையால் அடித்தோம். பன்னிரண்டு ஜோடி ஆனதும் 'கச்சா' என்று பெயர் வைத்த ஒரு தனி ஃபைலில் `Paste All`, உடனே `Clear All`, பிறகு அடுத்த பன்னிரண்டு. ஒரு துண்டுக்கு ஒரு Ctrl+C கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் முதல் தடவை ஒரு சாயங்காலத்தை இழந்தோம்.

கச்சா ஃபைலில் ஒட்டும்போது எழுத்துரு, நிறம் எல்லாம் கலைந்து கன்றாவியாக இருக்கலாம். அதைச் சுத்தம் பண்ணாதீர்கள். ஒட்டினவுடனே டைம்ஸ் நியூ ரோமன் பன்னிரண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால், நீங்கள் எழுதினது எது, எடுத்தது எது என்று இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. பிளேஜியரிசம் செக்கில் மாட்டுகிற பலர் திருட நினைத்து மாட்டுவதில்லை, இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த நீல எழுத்தும் சாம்பல் பின்னணியும் 'இது இன்னும் உன் வாக்கியம் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

அடுத்தது, கச்சா ஃபைலில் சிதறிக் கிடப்பதை அத்தியாய வாரியாகப் பிரிப்பது. இதற்கு வேர்டில் ஒரு பழைய வசதி உண்டு, அதன் பெயரே Spike. நான் சொன்ன அந்தக் கடைக் கம்பியேதான். வாக்கியத்தையும் அதன் மூல வரியையும் சேர்த்து செலக்ட் பண்ணி `Ctrl+F3` அடித்தால் அங்கிருந்து எடுத்து கம்பியில் குத்திவிடும். அடுத்ததைப் பிடித்து மறுபடி `Ctrl+F3`. நீளம் பற்றிச் சொல்கிற எல்லாவற்றையும் இப்படிக் குத்தி முடித்ததும், நீளம் பற்றி எழுதப்போகிற இடத்துக்குப் போய் `Ctrl+Shift+F3`. மொத்தமும் வரிசையாக அங்கே இறங்கிவிடும், கம்பி காலியாகிவிடும். இது காப்பி அல்ல, கட் என்பதை மறக்க வேண்டாம். அதனால் தொடங்கும் முன் கச்சா ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். கட் ஆவதிலும் ஒரு லாபம் இருக்கிறது. கச்சாவில் மிஞ்சிக் கிடப்பது எல்லாம் இன்னும் பயன்படுத்தாதது என்று பார்த்தாலே தெரியும்.

இப்படி நீளம் பற்றின துண்டுகளை ஓரிடத்தில் இறக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கிலோமீட்டர் சொன்னவை எல்லாம் சுற்றுலாப் பக்கங்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தக் கணக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. நாங்களே சாட்டிலைட் மேப்பில் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைவரை அளந்து பார்த்தோம். கிலோமீட்டர் பக்கத்தில்கூட வரவில்லை. ரிப்போர்ட்டில் இப்போது அடிக்கணக்குதான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, நாங்கள் எப்படிச் சரிபார்த்தோம் என்று அதன் பக்கத்திலேயே ஒரு வரியும் இருக்கிறது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. வேர்டை மட்டுமல்ல, எல்லா ஆஃபீஸ் புரோகிராமையும் மூடிவிட்டால் ஆஃபீஸ் கிளிப்போர்டும் காலி. அதனால் பன்னிரண்டு ஆகும் முன்னால் எழுந்து போவதானால், இருப்பதை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். லேப் கம்ப்யூட்டர் என்றால் `Win+V`-ஐயும் ஒரு தடவை திறந்து `Clear all` கொடுத்துவிடுங்கள். ஒரே லாகினில் அடுத்து வந்து உட்காருகிறவர் உங்கள் 25 துண்டுகளையும் பார்க்க முடியும், அதில் பாஸ்வேர்டு இருந்தால் அதையும்.

அடுத்த ரிவ்யூவில் கைடு அதே நாலாம் பக்கத்தைத் திருப்பி, அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை கச்சா ஃபைலைத் திறந்து காட்டினோம். கொஞ்ச நேரம் கீழே வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு, "இத ரிப்போர்ட்டோட சேர்த்து சிடில போட்டுரு" என்றார்.